மேல் மாடியில் வறுத்த மாவு வாசம்

என் மாமனார் இறந்துபோன பிறகும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார் என்று எங்கள் மில்லில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பவில்லை என்று வாயால்தான் சொன்னார்கள். தனியாக நாலாவது மாடிக்குப் போகச் சொன்னால் அவர்களுக்கும் சட்டென்று கீழே ஏதாவது வேலை முளைத்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், வயலுக்கு நடுவே நிற்கிற கோதுமை மாவு மில் அது. கீழே லேப்பில் எனக்கு வேலை. கோதுமையில் ஈரம் எவ்வளவு, மாவில் பசைத்தன்மை எவ்வளவு என்று பார்த்துச் சொல்வேன். என் வீட்டுக்காரர் அதே மில்லில் ஃபிட்டர். காலையில் ஒரே வண்டியில் வருவோம். சண்டை போட்டுக்கொண்டு வந்தால் தூரம் தெரியாது என்பது என் கட்சி.

மாமா அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் கோதுமை அரைக்கிற ரோலரைப் பார்த்துக்கொண்டவர். சாப்பாட்டு நேரத்தில் நாலாவது மாடிக்கு ஏறிப் போய், எலிவேட்டர் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். எலிவேட்டர் என்றால் ஆள் ஏறுகிற லிஃப்ட் இல்லை. வரிசையாக வாளி மாட்டிய பெல்ட் ஒன்று, உயரமான தகரக் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி மாவை அடியிலிருந்து மேலே அள்ளிக்கொண்டு போகும். அதன் தலை நாலாவது மாடியில் இருக்கிறது. வறுத்த கோதுமை மாவில் சீனி கலந்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார். அதைத் தின்றுவிட்டு, அந்தக் கூண்டில் சாய்ந்து கண்ணை மூடுவார். ஒருநாள் அப்படியே கண்ணை மூடினவர் திறக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். டப்பா மடியிலேயே இருந்தது.

சில மாதம் கழித்து நாலாவது மாடியில் வறுத்த மாவு வாசம் வர ஆரம்பித்தது.

முதலில் சொன்னது ரோலர் மேஸ்திரி. மாமாவிடம் வேலை பழகியவர். சாம்பிள் கொடுக்க லேப்புக்கு வந்தவர், வாசலிலேயே நின்று குரலை இறக்கினார்.

"ஏம்மா, உங்க மாமா மேல வந்துருக்காக."

"யாரு?"

"அவியதான். டப்பாவத் தொறந்த மாதிரி வாசம் வருது. மேல ஒரு ஆளு கெடையாது."

நான் சிரித்தேன். பிறகு நானே சாம்பிள் எடுக்கப் போனபோது சிரிப்பு வரவில்லை. அந்த மாடியில் எப்போதும் வருவது பச்சை மாவின் புளிப்பு வாசம். அன்று வந்தது அடுப்பில் பதமாக வறுபட்ட மாவின் வாசம், கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. சல்லடைகள் பெரிய பெட்டிகளாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. உத்தரத்திலிருந்து ஒட்டடை வெள்ளை நூல்களாக இறங்கி, காற்றே இல்லாமல் அசைந்தது. எலிவேட்டர் கூண்டின் அடியில் தரை முழுக்க மாவு படிந்திருந்தது. நடுவில் மட்டும் படியவில்லை. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அளவுக்கு அந்த இடம் சுத்தமாக இருந்தது. கூண்டிலும் முதுகு உரசுகிற உயரத்துக்குத் தகரம் பளிச்சென்று தெரிந்தது.

சாம்பிளை எடுக்காமலே இறங்கிவிட்டேன். பேயை நம்பாதவளுக்குக் கால் இவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வண்டியில் வரும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். அன்று மம்சாபுரம் விலக்கு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பேரிங் சூடா இருக்கும். பார்க்கேன்."

இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாவு வெடிக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவரே அவர்தான். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டு வர வைப்பார். வெல்டிங் என்றால் அவர் கையெழுத்தில்லாமல் பற்றவைக்க முடியாது. அதற்கும் முன்னால் அந்த இடத்தைத் துடைத்து, நனைத்த சாக்கைப் போர்த்தி, தண்ணீர் வாளியோடு ஒரு ஆளை நிறுத்தவேண்டும். "மூட்டைக்குள்ள தீக்குச்சியச் சொருகுனா அணைஞ்சு போவும்லே. அதே மாவு காத்துல பறக்கும்போது சொருகிப் பாரு, நீ இருக்க மாட்டே" என்பார். முதல் வெடி சின்னதாகத்தான் இருக்கும், அது உத்தரத்திலும் குழாயிலும் படிந்திருக்கிற தூசியை எல்லாம் உதறிவிடும், அந்தத் தூசியில் பற்றுகிற இரண்டாவது வெடிதான் கட்டடத்தை எடுக்கும் என்று நிதானமாக விளக்குவார். அதனால்தான் பெருக்குவது பெருமைக்கு இல்லை, உயிருக்கு என்பார். இவ்வளவும் அவருக்கு மாமா சொல்லிக் கொடுத்தது.

அப்படிப்பட்டவர் "பார்க்கேன்" என்றால் பார்த்துவிடுவார் என்று நான் விட்டுவிட்டேன். வாசம் போகவில்லை. மிஷின் ஓடும்போது லேசாக இருந்தது. கரண்டு போய் மில் நின்றால் கனத்து, மாடிப்படி வழியாக மூன்றாவது மாடிவரை இறங்கி வந்தது. மேஸ்திரி மேலே போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக ஆரம்பித்தார். ஒருமுறை அவர் காலி மாடியைப் பார்த்து, "அண்ணாச்சி, மூணாம் நம்பர் ரோலு சரியா அரைக்கல, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அன்று சாயங்காலம் மூன்றாம் நம்பர் ரோலர் சரியாக அரைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை எலிவேட்டர் கூண்டில் குங்குமப் பொட்டைப் பார்த்தேன். அதற்குக் கீழே, அந்தச் சுத்தமான இடத்தில், தரையில் கறுப்பாக ஒரு வட்டம். விரலால் தொட்டு மோந்தேன். சூடம் எரிந்த கரி.

பயந்துபோனேன். பேய்க்கு இல்லை. விரலால் கோலம் போடுகிற அளவுக்கு மாவு படிந்த மாடியில் யாரோ நெருப்பு வைத்திருக்கிறார்கள். மேஸ்திரிதான் என்று நினைத்து வொர்க்‌ஷாப்புக்கு ஓடி வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தான் பொருத்துனேன்" என்றார்.

"என்னது?"

"அப்பாவுக்கு. மிஷின் நின்னபொறவுதான். துளி சூடம்."

தினமும் அங்கே போய் உட்கார்ந்து எழுவதும் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பேரிங்கைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததாகச் சொன்னார். எலிவேட்டர் தலையில் உருளை மேல் பெல்ட் கொஞ்சம் ஒதுங்கி ஓடுகிறது, ஓரம் தகரத்தில் உரசுகிறது, பேரிங்கும் தேய்ந்துவிட்டது, அந்தச் சூட்டில் உள்ளே படிந்த மாவு வறுபடுகிறது. எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. புதுப் பேரிங்கும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்.

"பொறவு ஏன் மாத்தல?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்துனா வாசம் போயிரும்ட்டி" என்றார்.

ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடிக்கும், அன்று தடித்தது. உங்கள் அப்பாவோடு இருக்க ஆசை என்றால் நீங்கள் மட்டும் போங்கள், முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வருஷத் திதி வருகிறது, அது முடிந்ததும் மாற்றிவிடுகிறேன், சத்தியம் என்றார். நான் நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் மாமா மேல் பக்தி. "ஏம்மா, திதி அடுத்த வெள்ளிக்கிழமதான? அன்னைக்கு நானே மில்ல நிப்பாட்டுதேன். பெரியவருக்கு ஒரு பூச போட்டுட்டு, சாயங்காலம் பேரிங்க மாத்திக்கிடலாம்" என்றார். நான் ஒருத்திதான் அந்த வாரம் முழுக்க மேலே போய், சாக்குத் துணியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் உத்தரத்தைத் துடைத்து, தூசி உறிஞ்சுகிற வேக்குவத்தை இழுத்துக்கொண்டு திரிந்தேன். லேப் அம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கீழே பேசிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் மில்லை நிறுத்தினார்கள். ராகு காலம் முடிந்ததும் மிஷினை ஓடவிட்டு, ஓடுகிற மிஷினுக்குத் தீபாராதனை காட்டுவது அங்கே வழக்கம். நின்ற மிஷினுக்குச் சூடம் காட்டினால் அது பிணத்துக்குக் காட்டுகிற மாதிரி என்பார் மேஸ்திரி. பெரியவருக்குப் பூசை என்பதால் மாடி பளபளக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் லேப்பில் இருந்த நேரத்தில் காற்றைப் பீய்ச்சி ஊதுகிற ரப்பர் ஓஸை மேலே இழுத்துப் போய், சல்லடைப் பெட்டிகளுக்கு மேலேயும் குழாய்களுக்குப் பின்னாலேயும் நான் எட்டாமல் விட்ட இடத்தையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு இறங்கிவிட்டார். அவ்வளவு பக்தி.

பன்னிரண்டு ஆகப்போகிறது. கீழே முதலாளி தேங்காய்த் தட்டோடு நிற்கிறார். வீட்டுக்காரரைக் காணோம்.

நான் படியேறினேன். ஓடாத மில்லைக் கேட்டிருக்கிறீர்களா? எந்த நேரமும் அதிர்கிற கட்டடம் அதிராமல் நின்றால் காதுக்குள் நம் ரத்தம் ஓடுவது கேட்கும். இரண்டாவது மாடியிலேயே வாசம் வந்துவிட்டது. முன்பு பதமாக இருந்த மாவு இப்போது தீய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் படிக்கட்டின் கைப்பிடி வெள்ளையாக இருந்தது. காலையில்தான் அதைத் துடைத்திருந்தேன்.

நாலாவது மாடியில் சுவர்கள் இல்லை. அப்படித்தான் முதலில் தோன்றியது. ஜன்னல் வழியாக எப்போதும் தெரிகிற மலை இல்லை, எதிர்ச் சுவர் இல்லை, சல்லடைப் பெட்டிகள் பாதியில் கரைந்துபோயிருந்தன. ஊதிவிட்ட மாவு இன்னும் இறங்காமல் அப்படியே நின்றது. தலைக்கு மேலே பல்பு எரிந்தது. இரண்டு ஆள் தூரத்துக்கு அப்பால் எரிந்த பல்பு வெறும் மஞ்சள் கறையாக இருந்தது. பல்பு மங்கினால் அந்தக் காற்று பற்றும் என்று மாமா சொல்வார்.

அந்த வெள்ளைக்குள் ஒரு ஆள், எலிவேட்டர் கூண்டில் முதுகைச் சாய்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை, மீசை, தோள் எல்லாம் வெள்ளை. மடியில் ஒரு தட்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் மாமாவைத்தான் பார்த்தேன். அந்த உருவம் தலையை நிமிர்த்தியது. கையில் தீப்பெட்டி.

"அப்பா வந்துட்டாருட்டி. எம்புட்டு வாசம் பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் குச்சியை எடுத்துவிட்டார். உரசவில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கலாம். பிடுங்குகிற இழுபறியில் குச்சி உரசிவிட்டால்? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவான குரல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"ஏங்க, மாமா இங்கதான இருக்காக?"

"ஆமா."

"அப்ப அவிய முன்னால தீப்பெட்டியோட உக்காந்துருக்கீகளே. உயிரோட இருக்கையில இதப் பார்த்திருந்தா செவிட்டுல ரெண்டு வச்சிருக்க மாட்டாகளா?"

அவர் குச்சியைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி பல்பைத் தேடினார். குச்சியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடி என் பக்கம் நீட்டினார். அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவர் தலைக்கு மேலே, தகரக் கூண்டுக்குள், நகத்தால் யாரோ சுரண்டுகிற மாதிரி. டிக் என்றது. செத்த நேரம் விட்டு, மறுபடி டிக். நிறுத்தி ஒரு மணி நேரம் ஆன மிஷின் ஆறியிருக்க வேண்டும். அவர் எழுந்து கூண்டின் தலையில் புறங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். அந்த இடத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. கூண்டு முழுக்க இருந்த குளிர்ச்சி அங்கே இல்லை.

"உள்ள கனியுது" என்றார்.

வறுபட்டு வறுபட்டுக் கட்டியாகிப்போன மாவு உள்ளே கங்காக இருந்தது. ஓடும்போது காற்றும் மாவும் சூட்டை அடித்துக்கொண்டு போகும். நின்றதும் சூடு அங்கேயே தங்கி, சாணி வறட்டி கனிகிற மாதிரி கனிந்திருக்கிறது. மறுபடி பெல்ட் சுற்றினால் அந்தக் கங்கு உடைந்து கூண்டுக்குள் விழும். கூண்டுக்குள் முழுக்க மாவுத் தூசி கிளம்பும். அது வெடித்தால் தகரம் கிழிந்து நெருப்பு வெளியே வரும். வெளியே நாங்கள் இரண்டு பேர் நின்ற காற்று அதற்காகவே தயாராக இருந்தது.

கீழே சைரன் அலறியது.

ராகு காலம் முடிந்துவிட்டது. நல்ல நேரத்தைத் தவறவிடக்கூடாது என்று மேஸ்திரி மிஷினைப் போடப்போகிறார். சைரன் நின்று கொஞ்ச நேரத்தில் முதலில் ஓடுவது எலிவேட்டர்தான், அதற்குப் பிறகுதான் சல்லடை, ரோலர் எல்லாம். இறங்கி ஓடி நிறுத்த நேரமில்லை. கத்தினால் சைரனைத் தாண்டிக் கேட்காது. செல்போன்கள் கேட்டில் இருக்கின்றன.

அவர் அந்த வெள்ளைக்குள் நுழைந்து மறைந்தார். தூணில் எலிவேட்டருக்கென்று ஒரு நிறுத்துகிற பட்டன் உண்டு, தூசி புகாத பெட்டியில், காளான் மாதிரி சிவப்பாக இருக்கும். அதை அமுக்கிவிட்டால் யார் கீழே ஸ்டார்ட் போட்டாலும் ஓடாது. ஆனால் தூணே தெரியவில்லை. சுவரைத் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. சைரன் நின்றது. நான் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவரை விட்டுவிட்டு எங்கே ஓட?

'டக்' என்று பட்டன் அமுங்கியது.

கீழே மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கிற சுவிட்ச் ஒருமுறை தட்டிவிட்டு அடங்கியது மாடிப்படி வழியாகக் கேட்டது. கூண்டு அசையவில்லை. மேஸ்திரி மறுபடி முயன்றிருப்பார், மறுபடி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் ரிப்பேர் வேலைக்கென்று இடுப்பில் வைத்திருக்கிற பூட்டை அந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "ஓடாத. மெதுவா நட. மாவக் கிளப்பாத" என்றார். நாலு மாடியும் பூனை மாதிரி இறங்கினோம்.

கீழே மேஸ்திரி கையில் பூவோடு நின்றார். "பெரியவரு ஓடவிட மாட்டேங்காரு" என்றார், முகம் வெளுத்து. யாரும் அவரைத் திருத்தவில்லை. எல்லோரையும் வயலுக்கு அனுப்பிவிட்டு, மெயினை அணைத்தோம்.

ராஜபாளையத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. நேரே ஓஸைத் தூக்கினார்கள். தண்ணீரைப் பீய்ச்சினால் கங்கும் மாவும் ஒன்றாகப் பறக்கும், பனி மாதிரி தூவுங்கள் என்று வீட்டுக்காரர் அவர்களிடம் கெஞ்சினார். மாவு தரையில் இறங்கும்வரை காத்திருந்து, படிந்ததை நனைத்து, கூண்டின் தகரம் ஆறியதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பெல்ட் ஓரத்தில் தேங்காய் அளவுக்குக் கறுப்புக் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. உடைத்தபோது நடுவில் இன்னும் ஒரு சிவப்பு இருந்தது, ஈரம் பட்டதும் சீறியது. அந்த வாசம் எழும்பி எல்லோர் மேலும் படிந்தது.

அன்றே பேரிங் மாறியது. பெல்ட்டை நேராக்கி, ஒதுங்கினால் தானாக நிறுத்துகிற சுவிட்ச் ஒன்றும், பேரிங்கின் சூட்டைக் காட்டுகிற கருவி ஒன்றும் வைத்தார்கள். காற்று ஓஸை முதலாளி கையாலேயே வெட்டிப் போட்டார். பூசை இப்போது வாசலில், கட்டடத்துக்கு வெளியே.

அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிள் எடுக்க மேலே போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மலை தெளிவாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் எலிவேட்டர் கூண்டுக்கு எதிரே கை இரண்டையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"ஏட்டி, உனக்கு ஏதும் வாசம் வருதா?"

நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இல்லங்க. பச்சை மாவுதான்."

"எனக்கும் வரல." கூண்டில் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்திருக்கும். "அப்பா செத்து வருஷம் ஆச்சுன்னு எல்லாரும் சொல்லுதாக. எனக்குப் போன வெள்ளிக்கிழமதான் செத்தாரு" என்றார். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். மிஷின் சத்தத்தில் அவர் அழுவது எனக்கே கேட்கவில்லை, தோள் குலுங்குவதுதான் தெரிந்தது.